c ≥ 2 என்று வந்தபின் அலை எந்த வேகத்தில் நகரும்?

கேள்வி: "பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு, கால்வாயில் தேங்கிய தண்ணீரில் ஆகாயத்தாமரை பரவுவதை u_t = D u_xx + r u(1 − u/K) என்று எடுத்திருக்கிறேன். D = 2 சதுர மீட்டர்/நாள், r = 0.05/நாள். பேஸ் பிளேனில் c ≥ 2√(rD) இருந்தால் எல்லா வேகமும் சரி என்று வருகிறது. அப்படியானால் செடி எந்த வேகத்தில் போகும்? குறைந்தபட்ச வேகமே 0.632 மீட்டர்/நாள். ஆனால் என் புரோகிராம் 100-வது நாளுக்கும் 200-வது நாளுக்கும் இடையில் 0.60தான் காட்டுகிறது. dx = 1 மீட்டர், dt = 0.2 நாள், முதல் 20 மீட்டரில் u = K, மற்ற இடத்தில் 0. எங்கே தப்பு?"

உங்கள் புரோகிராமில் பெரிய தப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. 0.60 என்பது எதிர்பார்க்க வேண்டிய எண்தான். இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். எந்தெந்த வேகத்துக்கு உருவம் மாறாமல் நகரும் அலை இருக்க முடியும் என்பதை மட்டுமே பேஸ் பிளேன் சொல்லும். நீங்கள் தூவிய தொடக்க நிலை காலப்போக்கில் எந்த அலையாக மாறும் என்பது வேறு கேள்வி. அதற்குப் பழைய பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். முதலில் பேஸ் பிளேன் என்ன சொல்கிறது என்பதை முழுசாகப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் அதிலும் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அளவுகளை முதலில் நீக்கிவிடுங்கள். நேரத்தை 1/r என்ற அலகிலும், தூரத்தை √(D/r) என்ற அலகிலும், u-வை K என்ற அலகிலும் அளந்தால் சமன்பாடு u_t = u_xx + u(1 − u) என்று சுருங்கும். உங்கள் எண்களுக்கு நேர அலகு 20 நாள், தூர அலகு √40 = 6.32 மீட்டர், வேக அலகு √(rD) = 0.316 மீட்டர்/நாள். இந்த மூன்றையும் ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அளந்த 100 முதல் 200 நாள் என்பது இந்த அலகில் t = 5 முதல் 10 வரைதான். பின்னால் இது முக்கியமாக வரும்.

வலப்பக்கம் நகரும் அலைக்கு u(x, t) = U(z), z = x − ct என்று வைத்தால் U'' + cU' + U(1 − U) = 0 கிடைக்கும். z = x + ct என்று வைத்தால் c-யின் குறி மாறிவிடும், நிலையான கணு நிலையற்ற கணுவாகத் தெரியும். விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கிற தடுமாற்றம் இது. V = U' என்று எடுத்தால்

U' = V,  V' = −cV − U(1 − U)

என்ற இரண்டு முதல்படிச் சமன்பாடுகள். சமநிலைப் புள்ளிகள் (0, 0), (1, 0) இரண்டு மட்டும். இடது ஓரத்தில் செடி நிறைந்திருக்கிறது, வலது ஓரத்தில் வெறும் தண்ணீர். அதனால் z → −∞ ஆகும்போது (1, 0)-இல் புறப்பட்டு, z → +∞ ஆகும்போது (0, 0)-இல் சேரும் பாதை வேண்டும், வழியில் எங்கும் U குறை எண் ஆகக் கூடாது. கேட்பது இவ்வளவுதான்.

(1, 0)-இல் ஐகன் மதிப்புகள் λ² + cλ − 1 = 0 என்பதிலிருந்து வரும். ஒன்று மிகை, ஒன்று குறை, ஆகவே எந்த c-க்கும் அது சேணப்புள்ளி. அங்கிருந்து U < 1 பக்கம் வெளியேறும் பாதை ஒன்றே ஒன்றுதான். (0, 0)-இல் λ² + cλ + 1 = 0, λ = (−c ± √(c² − 4))/2. c ≥ 2 என்றால் நிலையான கணு, 0 < c < 2 என்றால் நிலையான சுருள். சுருளில் விழும் பாதை U = 0 கோட்டைத் திரும்பத் திரும்பக் கடக்கும், U குறை எண்ணாகும், செடியின் அடர்த்தி அப்படி இருக்க முடியாது. எனவே c < 2 தள்ளுபடி. ஒன்றைக் கவனியுங்கள்: c < 2-க்குத் தீர்வே இல்லை என்று எழுதினால் தவறு. சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் தீர்வு இருக்கிறது. செடிக்குப் பொருந்தாது என்பதால்தான் அதை ஒதுக்குகிறோம். இந்த வித்தியாசம் கடைசியில் நமக்கு உதவும்.

இங்கேதான் பெரும்பாலான ப்ராஜெக்டுகள் "(0, 0) கணு, எனவே அலை உண்டு" என்று எழுதி முடித்துவிடுகின்றன. அது நிறுவல் ஆகாது. கணுவா சுருளா என்பது (0, 0)-க்குப் பக்கத்தில் மட்டும் செல்லும் செய்தி. (1, 0)-இல் புறப்பட்ட அந்த ஒற்றைப் பாதை அங்கே வந்து சேருமா, அல்லது வழியில் கீழே போய்விடுமா என்பதை அது சொல்லாது. அதற்கு ஒரு முக்கோணம் போதும். V = 0, U = 1, V = −(c/2)U ஆகிய மூன்று கோடுகளால் அடைபட்ட பகுதியை எடுங்கள். மேல் விளிம்பு V = 0-இல், 0 < U < 1 ஆகும்போது V' = −U(1 − U) < 0, அதாவது பாதை கீழே, உள்ளே போகிறது. வலது விளிம்பு U = 1-இல் V < 0, ஆகவே U' < 0, இடது பக்கம் உள்ளே போகிறது. சாய்ந்த விளிம்பில் V + (c/2)U என்ற அளவு எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டால்

V' + (c/2)U' = U(c²/4 − 1 + U)

என்று வரும். c ≥ 2 என்றால் இது மிகை, பாதை அங்கும் மேலே, உள்ளேதான் திரும்புகிறது. மூன்று பக்கமும் உள்நோக்கி மட்டுமே வழி இருப்பதால், சேணப்புள்ளியிலிருந்து முக்கோணத்துக்குள் நுழைந்த பாதை வெளியே வர முடியாது. உள்ளே V < 0, அதனால் U தொடர்ந்து குறைகிறது, சுற்றிவர வழியில்லை. போய்ச் சேர (0, 0)-ஐ விட்டால் வேறு இடமும் இல்லை. சுருள் வாதமும் இந்த முக்கோணமும் சேர்ந்தால்தான் "c ≥ 2 ஆனால் மட்டுமே, c ≥ 2 ஆனால் எப்போதும்" என்ற முழு வாக்கியம் நிற்கும். இதுவரை சொன்னது எல்லாம் ஐயத்துக்கு இடமில்லாத கணிதம்.

கணினியில் இந்தப் பாதையை வரைய வேண்டுமென்றால் (1, 0)-இலிருந்து தொடங்குங்கள். (0, 0)-இலிருந்து பின்னோக்கி வந்தால் வேலைக்கு ஆகாது. கணுவில் எண்ணற்ற பாதைகள் வந்து சேர்கின்றன, அவற்றில் உங்களுடையது எது என்று அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியாது. சேணப்புள்ளியில் வெளியேறும் திசை ஒன்றே என்பதால், அந்த ஐகன் திசையில் ஒரு சின்ன அடி வைத்துத் தொடங்கினால் போதும்:

```python
import numpy as np
from scipy.integrate import solve_ivp

def shoot(c, eps=1e-6):
    lam = (-c + np.sqrt(c*c + 4)) / 2
    f = lambda z, y: [y[1], -c*y[1] - y[0]*(1 - y[0])]
    s = solve_ivp(f, [0, 120], [1 - eps, -lam*eps],
                  rtol=1e-10, atol=1e-14)
    return s.y[0].min()

for c in (1.5, 1.8, 1.9, 1.95, 2.2):
    print(c, shoot(c))
```

இதில் ஒரு பொறி இருக்கிறது. c = 1.5-க்கு U கீழே இறங்குவது படத்திலேயே தெரியும். c = 1.95-க்குப் படத்தில் ஒன்றுமே தெரியாது, பாதை நல்ல பிள்ளையாக (0, 0)-இல் போய் நிற்பதுபோல் இருக்கும். சுருளில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் U-வின் வீச்சு e^(−πc/√(4 − c²)) மடங்கு சுருங்குவதுதான் காரணம். c = 1.5-க்கு இது ஏறக்குறைய 0.028. c = 1.8-க்கு 0.0015. c = 1.95-க்குப் பத்து லட்சத்தில் ஒன்று. c = 1.99-க்கு 10^(−14) அளவு, அதாவது மேலே கொடுத்த atol-க்கே எட்டாது. ஆகவே படத்தைப் பார்த்து "குறைந்தபட்ச வேகம் 1.9 இருக்கலாம்" என்று முடிவு கட்டாதீர்கள். எண்ணை அச்சிட்டுப் பாருங்கள், 2-க்கு மிக அருகில் அந்த எண்ணையும் நம்பாதீர்கள். அங்கே மேலே உள்ள நிறுவல்தான் பேச வேண்டும்.

பாதை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சமன்பாட்டை U'-ஆல் பெருக்கி −∞ முதல் +∞ வரை தொகையிட்டால் c∫V² dz = ∫₀¹ u(1 − u) du = 1/6. இடப்பக்கத் தொகை என்பது பாதைக்கும் U அச்சுக்கும் நடுவே உள்ள பரப்பைக் c-ஆல் பெருக்கியதுதான். எனவே c = 2-க்கு அந்தப் பரப்பு 1/12, அதாவது 0.0833 வர வேண்டும். முழுப் பாதையையும் ஒப்பிட வேண்டுமானால் c = 5/√6 ≈ 2.041 என்ற ஒரு வேகத்துக்கு அலை மூடிய வடிவில் கிடைக்கும், U = (1 + e^(z/√6))^(−2). பேஸ் பிளேனில் அது V = −(2/√6)U(1 − √U) என்ற வளைகோடு. U = 1/4-இல் V = −0.102. உங்கள் விடை மூன்றாவது தசமத்தில் விலகினால் தொடக்க அடியின் திசையைச் சரிபாருங்கள். இந்தத் தீர்வை அப்லோவிட்ஸ், செப்பெட்டெல்லா இருவரும் 1979-இல் கொடுத்தார்கள். அந்த 2.041-க்குச் செடியின் பரவலில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை, கணக்கு வசதியாக அமைந்த இடம் அவ்வளவுதான்.

இனி, இத்தனை வேகங்களில் எது? அலையின் முன்வாலைப் பாருங்கள். அங்கே u மிகச் சிறியது, u² என்ற உறுப்பை விட்டுவிடலாம். e^(−a(x − ct)) என்று வைத்தால் ca = a² + 1, அதாவது c = a + 1/a. வால் மெதுவாகத் தேய்ந்தால், அதாவது a சிறியதாக இருந்தால், வேகம் கூடுகிறது. a = 1-இல் c மிகக் குறைந்து 2 ஆகிறது. பேஸ் பிளேனில் a என்பது கணுவின் இரண்டு ஐகன் மதிப்புகளில் சிறியதன் அளவு. c > 2 ஆகும்போது நம் பாதை மெதுவான திசை வழியாகத்தான் (0, 0)-க்குள் நுழைகிறது. ஆக, வேகத்தைத் தேர்ந்தெடுப்பது தொடக்க நிலையின் வால். தொடக்கத்தில் u வலப்பக்கம் e^(−ax) போல, a < 1 என்று தேய்ந்தால் வேகம் a + 1/a. a ≥ 1 என்றாலோ, உங்களுடையதுபோல ஓர் இடத்துக்கு அப்பால் சுத்தமாக 0 என்றாலோ, வேகம் 2. படிபோன்ற தொடக்கத்துக்கு இதைக் கோல்மோகரோவ், பெத்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் மூவரும் 1937-இல் நிறுவினார்கள். அதே ஆண்டு பிஷர் மரபணுப் பரவலுக்கு இதே சமன்பாட்டை எழுதினார்.

2-ஐத் தாண்ட முடியாது என்பதை நீங்களே இரண்டு வரியில் காட்டலாம். u(1 − u) ≤ u என்பதால் உங்கள் தீர்வு u_t = u_xx + u என்பதன் தீர்வைத் தாண்டாது. அந்த நேரியல் சமன்பாட்டின் தீர்வு முன்பக்கம் e^(t − x²/4t) போலப் போகும். x > 2t ஆனதும் அடுக்கு குறை எண்ணாகிச் சரிந்துவிடும். வேகமான அலைகள் பேஸ் பிளேனில் இருந்தும் உங்கள் கால்வாயில் வராததற்குக் காரணம், அவற்றைத் தாங்கிச் செல்லும் நீண்ட வாலை நீங்கள் தூவவில்லை என்பதே. சோதித்துப் பார்க்க விரும்பினால் தொடக்கத்தில் 20 மீட்டருக்கு அப்பால் 0 வைக்காமல், 12.65 மீட்டருக்கு ஒருமுறை e மடங்கு குறையும் வாலை வையுங்கள். அளவு நீக்கினால் a = 0.5, c = 2.5, அதாவது 0.79 மீட்டர்/நாள். புரோகிராம் அதற்குப் பக்கத்தில் காட்டும், ஆனால் வால் கட்டத்தின் கடைசிவரை நீண்டிருக்கிற வரைக்கும்தான். தொடக்க நிலையை மென்மையாக்க யாராவது 1/(1 + e^(kx)) வகைச் சார்பைப் போடச் சொன்னால் இதனால்தான் யோசிக்க வேண்டும். k சிறியதாக இருந்தால் வேகத்தையே மாற்றிவிடும்.

இப்போது உங்கள் 0.60. வேகம் 2 என்பது t → ∞ ஆகும்போது. அதை நெருங்குவது மிக மெதுவாக நடக்கிறது, அதுவும் கீழேயிருந்து. u = 1/2 ஆகும் இடம் X(t) = 2t − (3/2) ln t + மாறிலி என்று போவதைப் பிராம்சன் 1983-இல் முழுமையாக நிறுவினார். நேரியல் சமன்பாட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 3/2-க்குப் பதில் 1/2 வரும். அந்தக் கணக்கை ப்ராஜெக்டில் போட்டுவிடாதீர்கள். அடுத்த திருத்தம் −3√π/√t என்பதும் தெரியும். t = 5 முதல் 10 வரை சராசரி எடுத்தால், லாகரிதம் உறுப்பு மட்டும் வேகத்தை 2-இலிருந்து 1.79-க்கு இறக்குகிறது. அடுத்த உறுப்பு அதை 1.93-க்கு ஏற்றுகிறது. 0.316-ஆல் பெருக்கினால் 0.61 மீட்டர்/நாள். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்தச் சூத்திரங்கள் t பெரியதாக இருக்கும்போது பொருந்துபவை, t = 5 அதற்குச் சின்ன வயது. இரண்டு உறுப்புகளும் இவ்வளவு முட்டிக்கொள்வதே அதற்கு அடையாளம். ஆகவே திசையையும் ஏறக்குறைய அளவையும் நம்பலாம், மூன்றாவது இலக்கத்தை நம்பக் கூடாது.

மீதிக் குறைவு உங்கள் dt-யிலிருந்து வருகிறது. u-வின் புதிய மதிப்பைப் பழைய மதிப்புகளிலிருந்தே நேரடியாகக் கணக்கிடும் ஆய்லர் முறையைத்தான் போட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். D·dt/dx² = 0.4, 0.5-க்குக் கீழே இருப்பதால் கணக்கு வெடிக்கவில்லை. வெடிக்காதது வேறு, துல்லியம் வேறு. முன்வாலில் a = 1 ஆகும்போது பரவலால் 1, வளர்ச்சியால் 1, மொத்தம் 2 என்ற வீதத்தில் u கூட வேண்டும். ஒரு படியில் அது e^(2dt) மடங்கு ஆக வேண்டிய இடத்தில் ஆய்லர் முறை 1 + 2dt மடங்குதான் ஆக்குகிறது. அதனால் கிடைக்கும் வேகம் ln(1 + 2dt)/dt. உங்கள் 0.2 நாள் அளவு நீக்கினால் 0.01, வேகம் 1.98, ஒரு சதவீதம் குறைவு. இதையும் சேர்த்தால் 0.61 என்பது 0.604 ஆகிறது. dt-ஐ ஒரு நாள் என்று வைத்திருந்தால் இந்த வகையில் மட்டுமே ஐந்து சதவீதம் போயிருக்கும். அந்த dt-யில் dx-ஐயும் 2 மீட்டருக்கு மேல் ஆக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு வெடித்துவிடும். dx = 1 மீட்டரால் வரும் பிழை இங்கே மிகச் சிறியது, வேகத்தைக் கூட்டும் பக்கம், ஆயிரத்தில் ஒன்று அளவு.

உறுதி செய்துகொள்ள இப்படி ஓட்டுங்கள். கட்டத்தின் நீளம் 800 மீட்டர், dt = 0.02 நாள், மொத்தம் 1000 நாள். u = K/2 ஆகும் இடத்தை இரண்டு கட்டப் புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டு இடைச்செருகலால் கண்டுபிடியுங்கள். வெறும் கட்ட எண்ணை எடுத்தால் 1 மீட்டர் தாவல்கள் வேகத்தில் பற்களாகத் தெரியும். 800 முதல் 1000 நாள் வரையான சராசரி 0.625 பக்கம் வர வேண்டும். அப்போதும் 0.632 வராது, வராததுதான் சரி. வேகத்தை 1/t-க்கு எதிராக வரைந்தால் 1/t → 0 ஆகும் முனையில் கோடு 0.632-ஐ நோக்கிப் போவது தெரியும். அந்த ஒரு படத்தை ப்ராஜெக்டில் வைத்தால் வைவாவில் இந்தக் கேள்விக்கு அதுவே பதில்.

புரோகிராமில் "u ஓர் அளவுக்குக் கீழே போனால் 0 ஆக்கு" என்ற வரி எதையாவது சேர்த்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அல்லது தெரிந்தே வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு செடி என்று எதுவும் இல்லை என்பதால் அப்படி வெட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் வேகம் குறையும். எவ்வளவு என்பதை, நாம் மேலே தள்ளிவிட்ட அந்தச் சுருளே சொல்கிறது. c < 2-க்கு வால் e^(−cz/2) sin(ωz) போல இருக்கும், ω = √(1 − c²/4). U குறை எண்ணாவதற்கு முன்பே ε என்ற அளவில் வாலை வெட்டிவிட்டால் அந்தத் தீர்வை மறுக்கக் காரணம் இல்லாமல் போகிறது. U 1-இலிருந்து ε-க்கு இறங்க ஏறக்குறைய ln(1/ε) தூரம் வேண்டும். அதற்குள் அரைச் சுற்று முடிய வேண்டுமானால் ω ln(1/ε) ≈ π. இதிலிருந்து c ≈ 2 − π²/(ln ε)². புருனே, தெரிதா இருவரும் 1997-இல் கண்டது இது. ε = 1/1000 என்றால் c ≈ 1.79, பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. ε இவ்வளவு பெரியதாக இருக்கும்போது இந்தச் சூத்திரமும் தோராயம்தான். ஆனால் ε-ஐ பத்து லட்சத்தில் ஒன்று ஆக்கினாலும் குறைவு 0.05 இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்கே தெரியாத வால் அலையின் வேகத்தை இவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது.

கடைசியாகக் கால்வாய். மேலே சொன்ன எல்லாம் நிற்கும் தண்ணீருக்கு. தண்ணீர் w வேகத்தில் ஓடினால் சமன்பாட்டில் w u_x சேரும். ஓட்டத்தோடு நகர்ந்து பார்த்தால் பழைய கணக்கே வரும். எனவே கீழ்ப்பக்கம் வேகம் w + 0.632, மேல்பக்கம் 0.632 − w. நொடிக்கு 2 சென்டிமீட்டர் ஓடினாலே நாளுக்கு 1,700 மீட்டருக்கு மேல் ஆகிறது. அதன் முன்னால் 0.632-க்கு வேலையே இல்லை. பாளையங்கால்வாயில் கார், பிசானத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் செடி எங்கே சேர்கிறது என்பதைப் பாலத்தூணும் ஷட்டரும் தீர்மானிக்கின்றன, பரவல் கெழு தீர்மானிக்காது. அடைப்புக் காலத்தில் தண்ணீர் 200 நாள் அப்படியே நிற்கப் போவதும் இல்லை. ஆகவே மாதிரியை நயினார்குளம் போன்ற நிற்கும் நீருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. குளம் இருபரிமாணம் என்றாலும், செடியின் விளிம்பு ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும் இடத்தில் ஒருபரிமாணக் கணக்கு பொருந்தும்.

அங்கும் D-தான் பலவீனமான கண்ணி. r-ஐத் தொட்டியில் செடி வளர்த்து, இரட்டிப்பாகும் நாளை எண்ணி மதிப்பிடலாம். உங்கள் 0.05 என்பது சுமார் 14 நாளில் இரட்டிப்பு, நம்பக்கூடிய எண்தான், சாக்கடை கலந்த நீரில் இன்னும் வேகமாக இருக்கும். D-க்கு அப்படி நேரடி வழி இல்லை. ஆகாயத்தாமரை பெரும்பாலும் ஓடுதண்டு விட்டுப் பக்கத்தில் குட்டி போடுகிறது, காற்றில் திட்டுத்திட்டாக நகர்கிறது. இரண்டையும் ஒரே D-யில் அடக்குவது வசதிக்காகத்தான். வேகம் √D-யைப் பொறுத்தது என்பதால் D நாலு மடங்கு தப்பினாலும் வேகம் இரண்டு மடங்குதான் தப்பும், அது ஓர் ஆறுதல். ஆனால் குளத்தில் விளிம்பு நகரும் வேகத்தை அளந்து, அதிலிருந்து D-யைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பிறகு 2√(rD) அளவோடு ஒத்துப்போகிறது என்று எழுதாதீர்கள். ஒத்துப்போகாமல் வேறு என்ன செய்யும்? சோதிக்க வேண்டுமானால் வேகத்தோடு விளிம்பின் அகலத்தையும் அளங்கள். அடர்த்தி முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும் தூரம் √(D/r)-ஐப் பொறுத்தது, வேகம் √(rD)-ஐப் பொறுத்தது. அளவு நீக்கிய அகலத்தை உங்கள் c = 2 பாதையிலிருந்தே படித்து எடுக்கலாம். தொட்டியில் கிடைத்த r-ஐ வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே D-யைத் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் தப்பு மாதிரியில், புரோகிராமில் இல்லை.